குடும்பப் பரிசோதனைக் காலண்டர்: "வருஷத்துக்கு ஒருதரம்" என்று எழுதி வைப்பதில் நேரும் தவறுகள்

அம்மாவுக்குச் சர்க்கரை வந்து ஆறு வருஷம் ஆகியிருந்தது. ஒவ்வொரு ஜனவரியிலும் தவறாமல் முழு உடல் பரிசோதனைக்கு அழைத்துப் போவோம். ரத்தம், ஈசிஜி, ஸ்கேன் என்று எல்லாம் முடிந்து ஒரு கனமான கோப்பைக் கையில் கொடுப்பார்கள். அலைபேசியில் 'அம்மா செக்கப்' என்ற நினைவூட்டலில் டிக் அடித்துவிட்டு, அடுத்த ஜனவரி வரை நிம்மதியாக இருந்துவிடுவேன். கண்ணாடி மாற்றப் போன ஒரு நாள், கண் மருத்துவர் சொட்டு மருந்து விட்டு விழித்திரையைப் பார்த்தார். "இதற்கு முன்னால் எப்போது பார்த்தீர்கள்?" என்று கேட்டார். பார்த்ததே இல்லை. விழித்திரையில் சிறு ரத்தக்கசிவுகள் தொடங்கியிருந்தன. அம்மாவுக்கோ பார்வையில் எந்தக் குறையும் தெரியவில்லை.

ஆறு கோப்புகளையும் எடுத்துப் புரட்டினேன். எதிலும் விழித்திரைப் பரிசோதனை இல்லை. பாதத்தில் உணர்ச்சி இருக்கிறதா என்று யாரும் தொட்டுப் பார்த்த குறிப்பும் இல்லை. அந்தப் பேக்கேஜ் யாருக்கும் பொதுவாகத் தைத்த சட்டை; அம்மாவின் அளவுக்குத் தைத்ததல்ல. நான் செய்த முதல் தவறு, பேக்கேஜையே காலண்டர் என்று நம்பியது.

இரண்டாம் வகைச் சர்க்கரை உள்ளவருக்கு நோய் தெரிந்த உடனேயே ஒருமுறை விழித்திரையைப் பார்க்க வேண்டும். பிறகு பொதுவாக வருஷம் ஒருமுறை. பாதப் பரிசோதனையும், சிறுநீரில் ஆல்புமின் என்ற புரதம் கசிகிறதா என்ற சோதனையும் அதே போல வருஷாவருஷம் வர வேண்டும். ஹெச்பிஏ1சி மட்டும் வேறு கணக்கு. அது ஏறத்தாழ மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டுவது. சர்க்கரை கட்டுக்குள் இல்லாதவருக்கும், மருந்தை மாற்றியவருக்கும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை. நிலையாக இருப்பவருக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை. இதை ஜனவரியில் மட்டும் பார்த்தால், அந்த மூன்று மாதத்தைத் தவிர மற்ற ஒன்பது மாதம் இருட்டில் போய்விடும்.

இதிலிருந்துதான் இரண்டாவது தவறு புரிந்தது. 'ஆண்டுக் காலண்டர்' என்ற பெயரே எல்லாவற்றையும் ஆண்டுக்கு ஒன்றாக எழுத வைக்கிறது. ஒவ்வொரு சோதனைக்கும் தனிக் கடிகாரம் உண்டு. முப்பது வயதைத் தாண்டிய பெண்ணுக்குக் கருப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸைத் தேடும் ஹெச்பிவி சோதனை இயல்பாக இருந்தால், அடுத்தது பொதுவாக ஐந்து வருஷம் கழித்துத்தான். பெருங்குடலைக் குழாய் விட்டுப் பார்க்கும் கொலனோஸ்கோபியில் ஒன்றும் இல்லை என்றால், சாதாரண ஆபத்துள்ளவருக்குப் பத்து வருஷ இடைவெளி. அதற்குப் பதிலாக மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்தைத் தேடும் சோதனையைத் தேர்ந்தெடுத்தால், அது வருஷந்தோறும் வரும். அடிக்கடி செய்தால் கூடுதல் பாதுகாப்பு என்று நினைக்க வேண்டாம். தேவையில்லாத ஒவ்வொரு சோதனையும் பொய்யான எச்சரிக்கை ஒன்றைக் கிளப்பி, அதைத் துரத்த இன்னும் நாலு சோதனைகளை இழுத்துவரக்கூடும்.

இடைவெளிகள் நாட்டுக்கு நாடு கொஞ்சம் மாறும், குடும்ப வரலாற்றைப் பொறுத்தும் மாறும். அப்பாவுக்கு 48 வயதில் பெருங்குடல் புற்றுநோய் வந்திருந்தால், மகன் மற்றவர்களைப் போல 45 வயது வரை காத்திருக்கக் கூடாது. 40 வயது, அல்லது அப்பாவுக்கு நோய் கண்டுபிடித்த வயதுக்குப் பத்து வருஷம் முன்பு, இவற்றில் எது முந்தி வருகிறதோ அதுதான் தொடக்கம் என்பது பரவலாகப் பின்பற்றப்படும் கணக்கு. இங்கே 38. அதனால் எங்கள் காலண்டரில் ஒவ்வொருவர் பெயருக்குக் கீழும் முதல் வரி தேதி இல்லை. 'யாருக்கு, எந்த நோய், எந்த வயதில்' என்பதுதான். அந்த வரியை மருத்துவரிடம் காட்டி இடைவெளிகளைக் கேட்டு எழுதிக்கொண்டோம்.

மூன்றாவது தவறு நினைவூட்டல் அடிக்கும் நாள். பரிசோதனை நாளன்று காலை எட்டு மணிக்கு மணி அடித்து என்ன பயன்? அதற்குள் காப்பி குடித்தாயிற்று. தேதி வாங்கவே இல்லை என்பது அப்போதுதான் நினைவுக்கு வரும். இப்போது அம்மாவின் கண் பரிசோதனை ஒன்றுக்கே நான்கு நினைவூட்டல் வைத்திருக்கிறேன். மார்ச் 10 தான் நாள் என்றால், பிப்ரவரி 15 அன்று 'தேதி வாங்கு'. மார்ச் 8 அன்று 'கூட யார் போவது? சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் பார்வை மங்கும், வண்டி ஓட்ட முடியாது, கறுப்புக் கண்ணாடி எடு'. மார்ச் 10 அன்று நேரமும் இடமும். நான்காவது, மார்ச் 20: 'ரிப்போர்ட் கையில் இருக்கிறதா? அடுத்தது எப்போது என்றார்?'

முன்தயாரிப்பு ஒவ்வொன்றுக்கும் வேறு என்பதால், அதை நினைவூட்டலுக்குள்ளேயே எழுதிவிடுவது நல்லது. வெறும் வயிற்று ரத்தச் சோதனைக்கு எத்தனை மணி நேரம் என்று ஆய்வகத்திடம் கேட்டுக் குறித்துக்கொள்ளலாம். தண்ணீர் குடிக்கத் தடையில்லை. மார்பக எக்ஸ்ரேயான மேமோகிராமுக்கு மாதவிலக்கு முடிந்த அடுத்த வாரம் வலி குறைவாக இருக்கும், அன்று அக்குளில் பவுடரோ டியோடரன்டோ கூடாது. முடி வளர்ச்சிக்காகப் பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர் தைராய்டு சோதனைக்கு முன்பு அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். அது முடிவையே தலைகீழாகக் காட்டக்கூடும்.

நான்காவது நினைவூட்டலைத்தான் பலரும் வைப்பதில்லை. ரத்தம் கொடுத்துவிட்டு வந்ததும் 'முடிந்தது' என்று டிக் அடித்துவிடுகிறோம். எதுவும் தப்பாக இருந்தால் கூப்பிடுவார்கள் என்ற நம்பிக்கை வேறு. மாறிய எண்ணுக்கு அழைப்பு போயிருக்கலாம். அறிக்கை மேசையிலேயே கிடந்திருக்கலாம். முடிவை வாசித்து, அடுத்த தேதியை எழுதிய பிறகுதான் டிக். அம்மா விஷயத்தில் அந்த அடுத்த தேதி மார்ச்சிலிருந்து செப்டம்பருக்கு வந்துவிட்டது. விழித்திரை மாற்றத்துக்காக ஆறு மாதத்தில் வரச் சொன்னார்கள். தானாகவே வருஷாவருஷம் திரும்பும் நினைவூட்டலை அப்படியே விட்டிருந்தால் இது தெரிந்திருக்காது. அதனால் தானாகத் திரும்பும் வசதியை நான் பயன்படுத்துவதே இல்லை.

பல்லுக்கு மட்டும் யாரும் தேதி குறிப்பதில்லை, வலிதான் தேதி. ஆனால் பல் வலிக்கும் நேரத்தில் சொத்தை பெரும்பாலும் நரம்பை நெருங்கியிருக்கும். குழந்தையின் முதல் பல் முளைத்ததும், அல்லது முதல் பிறந்தநாளுக்குள், முதல் வருகை. அடுத்துக் கட்டாயம் குறிக்க வேண்டியது ஆறு வயது. அந்த வயதில் பால்பற்களுக்குப் பின்னால் சத்தமில்லாமல் முதல் நிரந்தரக் கடைவாய்ப் பல் முளைக்கிறது. எந்தப் பல்லும் விழாமல் வருவதால் பெற்றோர் அதையும் பால்பல் என்றே எண்ணி, விழுந்து முளைக்கும் என்று விட்டுவிடுகிறார்கள். அதன் பள்ளங்களைச் சீலன்ட் பூசி மூட வேண்டுமா என்று அப்போதே கேட்கலாம். பெரியவர்களுக்கு ஆறு மாதம் என்பது சட்டமல்ல. ஈறு நோயோ சர்க்கரையோ உள்ளவருக்கு இன்னும் சீக்கிரம், சுத்தமான வாய்க்கு இன்னும் தாமதமாகவும் பல் மருத்துவர் சொல்லலாம்.

கடைசித் தவறு, காலண்டரில் தேதி இருக்கிறதே என்று காத்திருப்பது. பரிசோதனைத் தேதிகள் அறிகுறி இல்லாதவர்களுக்காகக் குறித்தவை. மார்பில் கட்டி, மலத்தில் ரத்தம், காரணமில்லாமல் எடை குறைவு, மூன்று வாரமாகியும் ஆறாத வாய்ப்புண் என்றால், அடுத்த தேதி ஐந்து மாதம் கழித்து இருந்தாலும் இந்த வாரமே போக வேண்டும். கண்ணுக்கு முன் திடீரென்று கறுப்புப் புள்ளிகள் மிதந்தாலோ திரை விழுந்தது போல் இருந்தாலோ அன்றைக்கே.