போனில் மட்டும் பழைய பாஸ்வேர்டு

கரண்ட் பில் கட்டும் தளத்தின் பாஸ்வேர்டை லேப்டாப்பில் மாற்றிய பிறகும், போன் பழையதையே நிரப்பி அடம்பிடித்தது. இரண்டிலும் சிங்க் ஆன்தான். ஆனால் லேப்டாப் பிரவுசரின் மூலையில் உள்ள புரொஃபைல் படத்தைத் தட்டினால் ஆபீஸ் மெயில். போனில் சொந்த மெயில். கணக்கு வேறானால் பாஸ்வேர்டு பெட்டகமும் வேறு, ஒன்றிலிருந்து மற்றதற்கு எதுவும் போகாது.

போனின் பாஸ்வேர்டு பட்டியலில் தேடினால் அந்தத் தளத்துக்கு இரண்டு பதிவுகள்: ஒன்று www முகவரிக்கு, மற்றது login முகவரிக்கு. இரண்டுமே பழசு. ஒன்றை நீக்கினேன். மற்றதில் கண் குறியைத் தட்டி, புதியதை எழுத்தெழுத்தாகப் பார்த்துச் சேமித்தேன். லேப்டாப்பில் சொந்த மெயில் புரொஃபைலைத் திறந்தால் அங்கேயும் வந்திருந்தது.

நிறைய பாஸ்வேர்டுகளைக் கொண்டுபோக வேண்டுமானால் ஒரு கணக்கிலிருந்து CSV கோப்பாக எடுத்து மற்றதில் ஏற்றலாம். அதில் பாஸ்வேர்டுகள் மறைவில்லாமல் அப்படியே தெரியும். அதனால் ஏற்றி முடித்ததும் அந்தக் கோப்பை ரீசைக்கிள் பின்னிலிருந்தும் அழித்துவிடுங்கள்.