டிராப்அவுட்: கணிப்பின்போதும் மாஸ்க் ஓடிக்கொண்டிருந்தால்

எங்கள் குழுவில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் சென்ற மாதம் மடிக்கணினியுடன் என் மேசைக்கு வந்தார். "சார், ஒரே படத்தை இரண்டு தடவை கொடுத்தேன். முதலில் 7 என்றது, பிறகு 1 என்கிறது" என்றார். கையெழுத்து எண்களை அடையாளம் காணும் ஒரு சிறிய மாடல் அது. அவருடைய நிரலைத் திறக்கும் முன்பே எனக்குக் காரணம் தெரிந்துவிட்டது. பல ஆண்டுகளுக்கு முன் இதே தவற்றில் நான் மூன்று வாரங்களைத் தொலைத்திருக்கிறேன். பயிற்சியின்போது சில நியூரான்களைத் தற்செயலாக அணைக்கும் உத்திதான் டிராப்அவுட்; எவற்றை அணைப்பது என்று சொல்லும் பட்டியல் மாஸ்க். அவருடைய மாடலில் கணிப்பின்போதும் அந்த மாஸ்க் ஓடிக்கொண்டிருந்தது. டிராப்அவுட்டைப் பயன்படுத்தத் தொடங்குவோர் செய்யும் தவறுகளில் சிலவற்றை இங்கே எழுதுகிறேன். இறக்குமதி வரியை மறந்துவிடுவது போன்றவற்றைக் கணினியே சொல்லிவிடும் என்பதால் விட்டுவிடுகிறேன். எந்தப் பிழைச் செய்தியும் தராமல் விடையை மட்டும் கெடுப்பவையே என் கவலை.

## no_grad எழுதினால் டிராப்அவுட் நின்றுவிடும் என்று நம்புவது

இன்றும் என்னை எரிச்சலூட்டும் தவறு இதுதான். பைடார்ச்சில் கணிப்புக்கான பகுதியைப் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள்:

```python
with torch.no_grad():
    out = model(x)
```

இந்த வரிகளைப் பார்க்கும் எவருக்கும் பயிற்சி முடிந்துவிட்டது, இனி மாடல் அமைதியாகக் கணிக்கும் என்றே தோன்றும். ஆனால் `no_grad` செய்யும் வேலை ஒன்றே ஒன்று: கிரேடியன்ட் கணக்கிடுவதற்காகச் செயல்களைப் பதிவு செய்து வைப்பதை நிறுத்துகிறது; அதனால் நினைவகம் மிச்சமாகிறது. டிராப்அவுட் அடுக்கு அதைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. அது பார்ப்பது தன்னிடமுள்ள `training` என்ற கொடியை மட்டுமே. அந்தக் கொடியை இறக்குவது `model.eval()`. இரண்டும் ஒன்றையொன்று சாராதவை. `eval()` கிரேடியன்ட்டை நிறுத்துவதில்லை, `no_grad` மாஸ்க்கை நிறுத்துவதில்லை.

இதன் விளைவு எவ்வளவு பெரியது என்பதை உணர, மாஸ்க் உள்ளே என்ன செய்கிறது என்பதை ஒரு சிறு கணக்கில் பார்க்கலாம். கடைசி அடுக்கில் 7-ஆ 1-ஆ என்று தீர்மானிக்கும் ஒரு கூட்டல் இருப்பதாகவும், அதற்கு முந்தைய அடுக்கின் நான்கு நியூரான்கள், எடையால் பெருக்கப்பட்ட பின், 1.0, 2.0, −1.5, 0.5 என்ற பங்குகளை அளிப்பதாகவும் கொள்வோம். மொத்தம் 2.0. மொத்தம் நேர்மமாக இருந்தால் 7, எதிர்மமாக இருந்தால் 1. சிக்மாய்டில் இட்டால் 2.0 என்பது 0.88 ஆகிறது, மாடல் 7 என்று தெளிவாகவே சொல்கிறது.

இப்போது `p=0.5` என்று டிராப்அவுட் வைப்போம். ஒவ்வொரு நியூரானுக்கும் தனித்தனியே ஒரு நாணயம் சுண்டப்படுகிறது; பூ விழுந்தால் அதன் வெளியீடு பூஜ்யமாகிறது, தலை விழுந்தால் 1/(1−p), அதாவது இரண்டால் பெருக்கப்படுகிறது. முதலாவதும் மூன்றாவதும் மட்டும் தப்பினால் மொத்தம் (1.0 − 1.5) × 2 = −1.0, விடை 1. இரண்டாவதும் நான்காவதும் தப்பினால் (2.0 + 0.5) × 2 = 5.0, விடை 7, அதுவும் 0.99 என்ற அசாத்திய உறுதியோடு. நான்கு நியூரான்களுக்கு மொத்தம் 16 மாஸ்க்குகள் உள்ளன. பொறுமையாக எழுதிப் பார்த்தால் அவற்றில் 11 சரியான பக்கமும், 3 தவறான பக்கமும் சாய்கின்றன. மீதி 2 சரியாகப் பூஜ்யத்தில் நிற்கின்றன. படம் மாறவில்லை, எடை மாறவில்லை. மாறியது நாணயம் மட்டுமே.

பயிற்சியின்போது இந்தச் சூதாட்டம் வேண்டுமென்றே நடத்தப்படுகிறது. ஒரு நியூரான் எப்போதும் பக்கத்து நியூரானை நம்பி, அதன் பிழையைத் திருத்துவதையே தன் வேலையாக்கிக்கொண்டால், அந்தக் கூட்டணி பயிற்சித் தரவுக்கு மட்டுமே பொருந்தும். புதிய படத்தில் உடையும். பேட்சில் உள்ள ஒவ்வொரு எடுத்துக்காட்டுக்கும், மாடலை ஓட்டும் ஒவ்வொரு முறையும் புதிய மாஸ்க் எடுக்கப்படுவதால், எந்தத் துணை எப்போது காணாமல் போகும் என்று எந்த நியூரானுக்கும் தெரிவதில்லை. தனித்துப் பயனுள்ள ஒன்றைக் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கிறது. ஹின்டனின் குழு 2012-இல் இதை முன்வைத்தபோது கூறிய காரணமும் இதுவே.

கணிப்பில் அந்தத் தேவை இல்லை, ஏனெனில் அங்கே எதுவும் கற்றுக்கொள்ளப்படுவதில்லை. அங்கே நமக்கு வேண்டியது, பயிற்சியில் ஒரே எடைகளைப் பகிர்ந்துகொண்ட மாஸ்க்கால் மெலிந்த அத்தனை நெட்வொர்க்குகளும் சேர்ந்து சொல்லும் கருத்து. மேலே உள்ள 16 மொத்தங்களின் சராசரியைக் கணக்கிட்டால் மிகச் சரியாக 2.0 வருகிறது, மாஸ்க்கே இல்லாமல் கிடைத்த அதே எண். தப்பியவற்றை இரண்டால் பெருக்கியது இதற்காகத்தான். ஆகவே மாஸ்க்கை அணைத்துவிட்டு ஒருமுறை ஓட்டுவது, எல்லா மாஸ்க்குகளையும் ஓட்டிச் சராசரி எடுப்பதற்குரிய மலிவான குறுக்குவழி. ஒரே ஒரு நேர்கோட்டு அடுக்கில் இந்தச் சமம் துல்லியமானது. இடையில் சிக்மாய்டு, ரெலூ போன்றவை வந்தவுடன் தோராயமானதாகிவிடுகிறது. ஆனாலும் நடைமுறையில் அந்தத் தோராயம் நன்றாகவே வேலை செய்கிறது. மாஸ்க்கை அணைக்காமல் கணிப்பவர், கூட்டத்தின் கருத்தைக் கேட்காமல் கூட்டத்திலிருந்து கண்ணை மூடிக்கொண்டு ஒருவரை இழுத்து வந்து கேட்கிறார்.

என் மூன்று வாரங்களுக்கு வருகிறேன். விடைகள் தடுமாறுவதை நான் அப்போது கவனிக்கவே இல்லை, ஏனென்றால் ஒவ்வொரு படத்தையும் ஒருமுறைதான் ஓட்டினேன். நான் கண்டது, சரிபார்ப்புத் தரவில் மதிப்பெண் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக இருந்தது மட்டுமே. முதல் வாரம் தரவின் லேபிள்களைச் சந்தேகித்து ஆயிரக்கணக்கான படங்களைக் கண்ணால் பார்த்தேன். இரண்டாவது வாரம் `p` மதிப்பை 0.5-இலிருந்து 0.3-க்கும், பிறகு 0.1-க்கும் குறைத்தேன், ஒவ்வொரு முறையும் மதிப்பெண் ஏறியது. மகிழ்ந்துபோனேன். உண்மையில் நடந்தது என்னவென்றால், சரிபார்ப்பில் ஓடிக்கொண்டிருந்த மாஸ்க்கின் சேதத்தைத்தான் நான் குறைத்துக்கொண்டிருந்தேன். மாடல் சிறப்பாகக் கற்றதால் வந்த ஏற்றம் அல்ல அது. நோயைக் கண்டுபிடிக்க வேண்டிய கருவியே நோயை மறைத்தது. மூன்றாவது வாரம், சரிபார்ப்பு மதிப்பெண் மிக உயர்ந்திருந்த எபோக்கின் எடைகளைச் சேமித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு எபோக்கிலும் வெவ்வேறு மாஸ்க்குகள் ஓடியதால், நான் தேர்ந்தெடுத்தது மாஸ்க் அதிர்ஷ்டமாக அமைந்த எபோக்காகவும் இருந்திருக்கலாம்.

கடைசியில் ஒரு சக ஊழியர் ஒரே படத்தை இரண்டு முறை கொடுத்துப் பார்க்கச் சொன்னார். அதற்கு ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. அன்றிலிருந்து எந்த மாடலை வாங்கினாலும் நான் முதலில் ஓட்டுவது இதைத்தான்:

```python
model.eval()
with torch.no_grad():
    a = model(x)
    b = model(x)
print((a - b).abs().max())
```

வருவது பூஜ்யமாக இருக்க வேண்டும். ஜிபியுவில் சில செயல்கள் கூட்டும் வரிசையை மாற்றுவதால், தசமப் புள்ளிக்குப் பின் பல இடங்கள் தள்ளி ஒரு சிறு வேறுபாடு தெரியலாம், அது பரவாயில்லை. 0.3, 1.2 என்று வந்தால் எங்கோ ஒரு மாஸ்க் உயிரோடு இருக்கிறது.

## eval() அழைத்தும் அணையாத மாஸ்க்

மேலே உள்ள சோதனையில் `eval()` இருந்தும் வேறுபாடு வருகிறதென்றால், `forward` பகுதியில் பெரும்பாலும் இப்படி ஒரு வரி இருக்கும்:

```python
h = F.dropout(h, p=0.5)
```

இது அடுக்கு அல்ல, வெறும் செயல்கூறு. மாடலின் கொடியைப் பற்றி இதற்கு எதுவும் தெரியாது. `training` என்ற அளவுருவின் இயல்பு மதிப்போ `True`. எனவே `training=self.training` என்று நாமே சொல்ல வேண்டும், அல்லது `nn.Dropout` அடுக்கைப் பயன்படுத்த வேண்டும். நான் இரண்டாவதையே பரிந்துரைப்பேன். `F.scaled_dot_product_attention` என்பதில் வரும் `dropout_p` இன்னும் பிடிவாதமானது. அதற்குக் கொடியே கிடையாது, கொடுத்த மதிப்பை எப்போதும் செயல்படுத்தும். கணிப்பில் அதற்கு 0.0 என்று நாமேதான் அனுப்ப வேண்டும்.

## train() என்று திரும்பி அழைக்காதது

எபோக் சுழற்சிக்கு வெளியே ஒருமுறை `model.train()`, உள்ளே சரிபார்ப்பின்போது `model.eval()` என்று எழுதினால், இரண்டாவது எபோக்கிலிருந்து டிராப்அவுட்டே இல்லாமல் பயிற்சி நடக்கும்.

## p என்பது எதன் நிகழ்தகவு என்று பார்க்காதது

ஸ்ரீவஸ்தவாவும் மற்றவர்களும் 2014-இல் எழுதிய கட்டுரையில் `p` என்பது நியூரான் தப்பிப்பதற்கான நிகழ்தகவு. பைடார்ச்சில் அது அணைக்கப்படுவதற்கான நிகழ்தகவு. டென்சர்ஃப்ளோவின் பழைய `keep_prob` முதல் வகை, இன்றைய `rate` இரண்டாம் வகை. கட்டுரையிலிருந்து 0.8 என்று எடுத்து அப்படியே `nn.Dropout(0.8)` என்று எழுதுபவர், ஐந்தில் நான்கு நியூரான்களைக் கொன்றுவிட்டு, மாடல் ஏன் கற்கவில்லை என்று கேட்கிறார்.

## இரண்டு முறை அளவு மாற்றுவது

2012-இன் அலெக்ஸ்நெட் மாடல் பயிற்சியில் எதையும் பெருக்காமல், கணிப்பின்போது வெளியீடுகளை 0.5-ஆல் பெருக்கியது. இன்றைய நூலகங்கள் பயிற்சியிலேயே 1/(1−p)-ஆல் பெருக்கிவிடுகின்றன. பழைய பாடத்தைப் படித்துவிட்டுக் கணிப்பில் மீண்டும் பெருக்காதீர்கள்.

## விதை எண்ணை நிலைப்படுத்தித் தப்பிப்பது

நிரலை மீண்டும் ஓட்டினால் விடை தடுமாறாது; ஆனால் தற்செயலாக அமைந்த அதே மாஸ்க்கின் விடையே ஒவ்வொரு முறையும் வரும், அது தவறாக இருந்தாலும்.

## பயிற்சி இழப்பு அதிகமாக இருப்பதைக் கண்டு பதறுவது

பயிற்சி இழப்பு மாஸ்க்கோடும், சரிபார்ப்பு இழப்பு மாஸ்க் இல்லாமலும் அளக்கப்படுகின்றன. முதலாவது அதிகமாக இருப்பது இயல்பே. ஒப்பிட வேண்டுமானால் பயிற்சித் தரவையும் ஒருமுறை `eval()` நிலையில் ஓட்டி அளவிடுங்கள்.

## வேண்டுமென்றே மாஸ்க்கை விட்டுவைக்கும்போது முழு மாடலையும் train() நிலையில் வைப்பது

கணிப்பில் மாஸ்க் ஓடுவது எப்போதும் பிழையல்ல. ஆய்வாளர்களான யாரின் கேல், ஜூபின் கஹ்ரமானி இருவரும் 2016-இல் காட்டிய முறையில், ஒரே உள்ளீட்டை மாஸ்க்கோடு பலமுறை ஓட்டி, விடைகள் எவ்வளவு சிதறுகின்றன என்பதை மாடலின் ஐயத்துக்கான அளவாகக் கொள்கிறார்கள். அங்கே சராசரியும் எடுக்கப்படுகிறது. ஒற்றை ஓட்டத்தின் விடையை யாரும் நம்புவதில்லை. ஆனால் இதற்காக மாடல் முழுவதையும் `train()` நிலைக்குக் கொண்டுபோனால், பேட்ச்நார்ம் அடுக்குகளும் விழித்துக்கொண்டு, கைக்கு வந்த பேட்சின் சராசரியைப் பயன்படுத்தத் தொடங்கும். சேமித்து வைத்த சராசரிகளையும் கணிப்புத் தரவால் மாற்றி எழுதும். டிராப்அவுட்டை மட்டும் எழுப்ப வேண்டும்:

```python
model.eval()
for m in model.modules():
    if isinstance(m, nn.Dropout):
        m.train()
```

இந்த நிபந்தனையில் `nn.Dropout2d` சிக்காது. அது `nn.Dropout`-இன் துணை வகுப்பு அல்ல. உங்கள் மாடலில் அது இருந்தால் அதன் பெயரையும் நிபந்தனையில் சேர்த்துக்கொள்ளுங்கள்.