போர் தண்ணீரும் பங்குனி லாரியும்: வடசென்னை நர்சரியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மணலியில் நர்சரி போட்ட முதல் கோடையில் எங்கள் ரோஜாச் செடிகளின் இலை ஓரம் கருகத் தொடங்கியது. அடி இலைகளில் ஆரம்பித்து மேலே ஏறியது. ஓரத்தில் மட்டும் கரை வைத்தது போலப் பழுப்பு, நடுவில் பச்சை. “பூச்சி அடிச்சிருக்குக்கா” என்றான் வேலைக்கு இருந்த தம்பி. மருந்து அடித்தோம். கேட்கவில்லை. சத்துக் குறைவோ என்று உரம் வைத்தோம், கருகல் இன்னும் வேகமானது. ஒருநாள் பையைக் கையில் எடுத்துப் பார்த்தபோதுதான் மண்ணின் மேல் வெள்ளையாகப் படிந்திருந்தது கண்ணில் பட்டது. சுரண்டினால் பொடியாக உதிர்ந்தது. உப்பு!

மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை அளவுக்கு மீறி உறிஞ்சியதால் கடல்நீர் உள்ளே புகுந்தது பல பத்தாண்டுகளாக அறியப்பட்ட சங்கதி. கடலோரமாக உள்ள நம் பகுதிகளில் ஒரு தெருவில் நல்ல தண்ணீர் வரும், அடுத்த தெருவில் கரிக்கும். இடம் வாடகைக்குப் பிடிக்கும்போது “போர் இருக்கு” என்று சொன்னால் அதோடு விட்டுவிடுவதுதான் முதல் தவறு. தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளக்கும் சின்ன டிடிஎஸ் மீட்டர் ஒன்றை வாங்கி, ஏப்ரலிலும் மழை முடிந்த பிறகும் அளந்து பாருங்கள். 500க்குள் இருந்தால் கவலை இல்லை. 1000ஐத் தாண்டினால் ரோஜா போன்ற செடிகளுக்குச் சிரமம். 2000 என்றால் அந்தத் தண்ணீரை நம்பித் தொட்டிச்செடி வளர்க்க முடியாது. அரளி, காகிதப்பூ, பூவரசு, புங்கன் ஓரளவு தாங்கும்.

நானே செய்த இன்னொரு தவறு, உப்புத் தண்ணீர்தானே என்று பயந்து கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்தது. வெயிலில் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு பையிலேயே தங்கிவிடும். தினமும் ஒரு கை உப்பு சேர்த்த மாதிரிதான். ஊற்றினால் அடி ஓட்டை வழியாக வடியும்வரை ஊற்ற வேண்டும், அப்போதுதான் பழைய உப்பும் சேர்ந்து வெளியேறும். வெயில் நேரத்தில் இலைமேல் பீய்ச்சவே கூடாது. லாரித் தண்ணீர் 300, போர் தண்ணீர் 2000 என்றால், லாரித் தண்ணீர் மூன்று பங்குக்குப் போர் தண்ணீர் ஒரு பங்கு கலந்தால் 725 வரும். கலப்பதைவிட, தாங்கும் செடிகளைத் தனி வரிசையில் வைத்துப் போர் தண்ணீரை அங்கே மட்டும் விடுவது எனக்குச் சுலபமாக இருந்தது.

அடுத்தது கொள்முதல் நேரம். ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியத்திலிருந்து லாரி வரும்போது பங்குனியில் விலை படிந்தால் மனசு தாங்காது, மொத்தமாக இறக்கிவிடுவோம். செடி வாங்கும் கூட்டமோ ஜூனில் நாலு மழை பெய்த பிறகுதான் வரும். அதுவரை அந்தச் செடிக்கு நாம்தான் தண்ணீர் ஊற்றவேண்டும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 2000 பைகளுக்குக் கோடையில் வேளைக்கு 400 மில்லி, இரண்டு வேளை என்றால் நாளைக்கு 1600 லிட்டர். 12,000 லிட்டர் லாரி ஒரு வாரம் தாங்கும். லாரி 1800 ரூபாய் என்று வைத்தால், செடிக்கு வாரம் 90 பைசா. பத்து வாரம் வைத்திருந்தால் 9 ரூபாய். இப்போது 100 செடியை வாடகையோடு 30 ரூபாய் வீதம் 3000க்கு வாங்கி, அக்னி நட்சத்திரத்தில் 20 செத்துவிட்டால், மிஞ்சிய 80இன் அடக்கம் 37.50 ஆகிறது. தண்ணீரோடு 46.50. அறுபதுக்கு விற்றால் கையில் நிற்பது பதிமூன்றரை ரூபாய்தான், அதில் கூலி, இட வாடகை எல்லாம் போகவேண்டும். அதையே ஜூன் நடுவில் இறக்கினால், ஐந்து செத்து மூன்று வாரத்தில் விற்றாலும் தண்ணீரோடு அடக்கம் 34 ரூபாய் அளவில் நின்றுவிடும். ஜூனில் விலை ஐந்து ரூபாய் கூடினாலும் எனக்கு அதுதான் கட்டுப்படியாகிறது. அதனால் கோடையில் துளசி, மல்லி, செம்பருத்தி மாதிரி தினமும் கேட்பதை மட்டும் வாரத்துக்கு எவ்வளவு போகிறதோ அவ்வளவே வாங்குகிறேன்.

செத்த செடியை அப்படியே குப்பையில் எறிவதும் தவறுதான். பையைக் கிழித்து வேரைப் பாருங்கள். மண் ஈரமாக இருந்தும் செடி தொங்கி, வேர் கறுத்து வழவழவென்று இருந்தால் தண்ணீர் தேங்கி அழுகியது. மண்ணில் வெள்ளைப் படிவும் இலை ஓரம் கருகலும் இருந்தால் உப்பு. இரண்டுக்கும் வைத்தியம் வேறு. நான் ஒரு நோட்டில் தேதி, செடி, காரணம் என்று மூன்றே கட்டம் போட்டு எழுதுகிறேன். ஐப்பசி மழையில் எழுதியதைப் பார்த்தால், அழுகியவை பெரும்பாலும் தரையில் நேராக வைத்த பைகள். செங்கல் வரிசைமேல் தூக்கி வைத்ததும் அது குறைந்தது.

அந்த மழையை வீணாக்காதீர்கள். 400 சதுர அடி கூரையில் 100 மில்லிமீட்டர் பெய்தால் ஏறக்குறைய 3700 லிட்டர். எங்கள் ஷெட்டின் தகரக் கூரைக்குக் கீழே பிளாஸ்டிக் டிரம்களை வரிசையாக வைத்திருக்கிறோம். ரோஜாவுக்கு அந்தத் தண்ணீர்தான், தை மாதம் வரை.