பைனரி சர்ச் ட்ரீ: படத்தைக் கண்ணால் பார்த்துப் போடும்போது வரும் தவறுகள்

பைனரி சர்ச் ட்ரீயைத் தாளில் வரைந்து ஒவ்வொரு படியாக நகர்த்திப் பார்ப்பவர்கள் செய்யும் தவறுகளில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் ஒன்றுதான். நமக்கு முழுப் படமும் ஒரே நேரத்தில் தெரிகிறது. நிரலுக்கு ஒரு நேரத்தில் ஒரே ஒரு நோடுதான் தெரியும். கண் குறுக்குவழியில் போய்விடுகிறது, விடை தப்பாகிறது.

45, 20, 70, 10, 32, 60, 85, 27, 38 என்ற வரிசையில் எண்களைச் சேர்த்தால் வரும் மரம் இது:

```
                   45
             /           \
        20                70
       /   \             /   \
     10     32         60     85
           /  \
         27    38
```

இதில் 50-ஐச் சேர்க்க வேண்டும். படத்தின் அடியில் 38 இருக்கிறது, அதன் வலப்பக்கம் காலி. 50 என்பது 38-ஐவிடப் பெரியது. எனவே 38-க்கு வலது பிள்ளையாக 50-ஐத் தொங்கவிடுகிறார்கள். அந்த இரண்டு நோடுகளை மட்டும் பார்த்தால் எல்லாம் சரிதான். ஆனால் 45-க்கு இடப்பக்கம் இருக்கும் கிளை முழுவதும் 45-ஐவிடச் சின்ன எண்களாகவே இருக்க வேண்டும். விதி பெற்றோர், பிள்ளை என்ற இருவருக்கு மட்டுமல்ல, மேலே இருக்கும் எல்லா முன்னோருக்கும் உண்டு. இதை விட்டுவிட்டால் மரம் உடைந்துவிடும், படத்தில் எந்த அறிகுறியும் தெரியாது. பிறகு 50-ஐத் தேடினால்தான் வெளிச்சத்துக்கு வரும்: தேடல் 45-இலிருந்து வலப்பக்கம் போகும், 70-இல் இடது, 60-இல் இடது, அங்கே காலி. மரத்தில் இருக்கும் எண்ணை 'இல்லை' என்று சொல்லிவிடும்.

சரியான வழி, ஒவ்வொரு முறையும் ரூட்டிலிருந்து தொடங்குவதுதான். 50 > 45, வலது. 50 < 70, இடது. 50 < 60, இடது. காலி, எனவே அங்கேதான் இடம். முந்தைய எண்ணைச் சேர்த்த இடத்திலிருந்து தொடரக் கூடாது. அது பக்கத்தில் இருப்பதுபோலத் தெரிந்தாலும்கூட.

கையால் போடுபவர்களுக்கு ஒரு நல்ல சரிபார்ப்பு உண்டு. காலியிடம் ஒவ்வொன்றுக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை இரண்டையும் பென்சிலால் எழுதி வையுங்கள். ரூட்டிலிருந்து இறங்கும்போது வலப்பக்கம் திரும்பினால் அந்த நோடின் எண் கீழ் எல்லையாகும், இடப்பக்கம் திரும்பினால் மேல் எல்லையாகும். 38-க்கு வலப்பக்கக் காலியிடத்துக்கு இறங்கும்போது 45-இல் இடது, 20-இல் வலது, 32-இல் வலது, 38-இல் வலது எனத் திரும்புகிறோம். ஆக அந்த இடத்தின் எல்லை 38-க்கும் 45-க்கும் நடுவே. 39 முதல் 44 வரைதான் அங்கே உட்கார முடியும். 60-க்கு இடப்பக்கக் காலியிடத்தின் எல்லை 45-க்கும் 60-க்கும் நடுவே. 9 நோடுகள் உள்ள இந்த மரத்தில் சரியாக 10 காலியிடங்கள் இருக்கின்றன, எல்லைகள் ஒன்றோடொன்று மேலேறுவதில்லை. எனவே புது எண் எதுவானாலும் அதற்கு ஒரே ஒரு இடம்தான். இரண்டு இடங்கள் பொருந்துவதுபோலத் தெரிந்தால் ஏதோ ஓர் எல்லையை மறந்திருக்கிறீர்கள்.

(ஏற்கெனவே இருக்கும் எண் மறுபடி வந்தால் என்ன செய்வது என்பதை முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள். இங்கே அதைச் சேர்க்காமல் விட்டுவிடுகிறோம்.)

தேடலில் வரும் தவறு இதற்கு நேர் மாறானது: தேவைக்கு மேல் தேடுவது. 40-ஐத் தேடும்போது 45, 20, 32, 38 என நான்கு ஒப்பீடுகள், பிறகு 38-க்கு வலப்பக்கம் காலி. தேடல் அங்கேயே முடிந்தது. சிலர் 'எதற்கும் பார்த்துவிடலாம்' என்று 70-இன் பக்கமும் போய்விட்டு வருகிறார்கள். விடை மாறாது, ஆனால் ஒப்பீட்டு எண்ணிக்கை கேட்கும் கேள்வியில் மதிப்பெண் போய்விடும். காலியிடத்தைத் தொட்டதையும் ஓர் ஒப்பீடாக எண்ணுவது இன்னொரு பழக்கம். அங்கே ஒப்பிட எண்ணே இல்லை.

இன்-ஆர்டரில்தான் அதிகம் பேர் சறுக்குகிறார்கள். 'இடது, நோடு, வலது' என்ற சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். ஆனாலும் விடைத்தாளில் 10, 20, 32, 27, 38 என்று வருகிறது. எங்கே வழுக்கியது? 20-ஐ எழுதியதும் 'அடுத்து வலது' என்று 32-க்குப் போய், போன கையோடு அதை எழுதிவிட்டார்கள். 'வலது' என்றால் வலது பிள்ளை அல்ல, வலது கிளை முழுவதும். அந்தக் கிளைக்குள் நுழைந்ததும் சூத்திரம் முதலிலிருந்து தொடங்குகிறது: 32-க்கு இடது இருக்கிறதா? இருக்கிறது, 27. ஆகவே 27 முதலில், பிறகு 32, பிறகு 38.

ஒவ்வொரு நோடையும் பேனா முனை மூன்று முறை தொடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள்: மேலிருந்து வரும்போது, இடது கிளையை முடித்துத் திரும்பும்போது, வலது கிளையை முடித்துத் திரும்பும்போது. இன்-ஆர்டரில் இரண்டாவது தொடுதலில்தான் எண்ணை எழுத வேண்டும். முதல் தொடுதலில் எழுதினால் அது ப்ரீ-ஆர்டர். 10 போன்ற கடைசி நோடில் மூன்று தொடுதல்களும் அடுத்தடுத்து நடந்துவிடுவதால் அங்கே தவறு தெரியாது. அதைப் பார்த்துப் பழகியவர்கள்தான் 32-இல் மாட்டிக்கொள்கிறார்கள்.

முழு விடை 10, 20, 27, 32, 38, 45, 60, 70, 85. ஏறுவரிசையில் வரவில்லை என்றால் மரம் தப்பு, அல்லது நடந்த வழி தப்பு. 50-ஐத் தவறான இடத்தில் போட்ட மரத்தை நடந்தால் 38, 50, 45 என்று வரும். தடுமாறும் இடமே தவறான நோடைக் காட்டிக்கொடுக்கும். ஆனால் இந்தச் சோதனைக்கு எட்டாத ஒன்றும் உண்டு. அதே 9 எண்களை ஏறுவரிசையிலேயே சேர்த்தால் மரம் வலப்பக்கமாக ஒரே சங்கிலியாக நீளும், 85-ஐத் தேட 3-க்குப் பதில் 9 ஒப்பீடுகள் ஆகும். இன்-ஆர்டர் விடையோ இரண்டுக்கும் ஒன்றுதான். எனவே வடிவம் சரியா என்று பார்க்க இன்-ஆர்டர் போதாது, சேர்த்த வரிசையை வைத்து மறுபடி இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

படம் சரியாக வந்தபின் அதை நிரலாக்கும்போது:

```python
def insert(node, key):
    if node is None:
        return Node(key)
    if key < node.key:
        node.left = insert(node.left, key)
    elif key > node.key:
        node.right = insert(node.right, key)
    return node
```

`node.left =`, `node.right =` என்ற இரண்டு பகுதிகளையும் விட்டுவிட்டு வெறுமனே `insert(node.left, key)`, `insert(node.right, key)` என்று எழுதினால் புது நோடு உருவாகும், ஆனால் மரத்தில் யாரும் அதைப் பிடித்திருக்க மாட்டார்கள். பிழைச் செய்தியும் வராது. எத்தனை எண் சேர்த்தாலும் இன்-ஆர்டரில் 45 மட்டும் வரும்.

கடைசி வரியான `return node` விடுபட்டால் நடப்பது இன்னும் விசித்திரம். ஒவ்வொரு முறையும் `root = insert(root, key)` என்று அழைப்பதாகக் கொள்வோம். 45 சேரும், 20-ஐச் சேர்க்கும் அழைப்பு `None`-ஐத் திருப்பித் தர, ரூட்டே காலியாகிவிடும், 70 புதிய ரூட்டாகும், 10 அதையும் அழித்துவிடும். இப்படி ஒன்றுவிட்டு ஒன்றாகப் போய், முடிவில் இன்-ஆர்டர் 38 என்ற ஒற்றை எண்ணைத் தரும். கடைசியாகச் சேர்த்த எண் மட்டும் மிஞ்சியிருந்தாலோ, மரமே காலியாக இருந்தாலோ, முதலில் இந்த வரியைத் தேடுங்கள்.