போர்ட்டலில் விண்ணப்பித்தும் மெயில் வரவில்லையா? இந்தத் தவறுகளைச் செய்யாதீர்கள்

போன மாதம் என் சித்தி மகன் ஒரு கம்பெனியின் போர்ட்டலில் அக்கவுண்ட்ஸ் வேலைக்கு விண்ணப்பித்தான். இரண்டு நாளாகியும் "விண்ணப்பம் கிடைத்தது" என்ற மெயில் வரவில்லை. "வேற மெயில் ஐடி போட்டு இன்னொரு தடவை அப்ளை பண்ணிடறேன்க்கா" என்று லேப்டாப்பைத் திறந்தான். நான் தடுத்துவிட்டேன். வேலை தேடிய காலத்தில் நானும் இதையே செய்து ஒரு நல்ல வாய்ப்பை இழந்தேன். இப்போது ஆள்சேர்ப்புப் பிரிவில் இருக்கிறேன், வாரம் தவறாமல் யாராவது ஒருவர் இதே தவறோடு என் திரைக்கு வருகிறார்.

ஸ்பேம் பாருங்கள், பொறுமையாக இருங்கள் என்பதையெல்லாம் நான் சொல்ல வேண்டியதில்லை.

மெயில் வரவில்லை, அதனால் விண்ணப்பம் போகவில்லை என்று முடிவு கட்டுவது

மெயிலும் விண்ணப்பமும் வேறு வேறு. விண்ணப்பம் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்திருக்கும், மெயில் மட்டும் வழியில் தடுக்கப்பட்டிருக்கும். சில சமயம் நீங்கள் அனுப்பியதாக நினைத்த விண்ணப்பம் இன்னும் வரைவாகவே கிடக்கும். எது நடந்தது என்பதைப் போர்ட்டலுக்குள் போய்த்தான் தெரிந்துகொள்ள முடியும்.

பெரிய நிறுவனங்கள் பலவும் வொர்க்டே போன்ற மென்பொருளைப் பயன்படுத்துகின்றன. அதில் ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனிக் கணக்கு. ஒரு கம்பெனிக்கு உருவாக்கிய கணக்கு இன்னொரு கம்பெனியில் செல்லாது. எனவே விண்ணப்பித்த அதே நிறுவனத்தின் பக்கத்தில் உள்நுழைந்து, உங்கள் விண்ணப்பங்களின் பட்டியலைப் பாருங்கள். அந்த வேலையின் பெயருக்கு எதிரே என்ன நிலை என்று எழுதியிருக்கும்.

வரைவாக நின்றுபோவதற்கு நான் அதிகம் பார்த்த காரணம் ஒன்று உண்டு. ரெஸ்யூமை ஏற்றியதும் மென்பொருள் தானாகவே படிவத்தை நிரப்பும். அதில் ஒரு தேதியோ ஊரோ விடுபட்டுவிடும். கடைசிப் பக்கத்தில் Submit அழுத்தும்போது, விடுபட்டது எது என்று பக்கத்தின் உச்சியில் சிவப்பில் காட்டும். மொபைலில் அடிப்பகுதியைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அது கண்ணில் படாது. அழுத்தியாயிற்று என்று மூடிவிடுவார்.

வேறு மெயில் ஐடியில் இரண்டாவது முறை விண்ணப்பிப்பது

என்னை இன்றும் எரிச்சல்படுத்துகிற தவறு இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

நான் வேலை தேடிய காலத்தில், ஒரு கம்பெனியில் வேலை பார்த்த தோழி ஒருத்தி ரெஃபரல் அனுப்பியிருந்தாள். அவள் அனுப்பிய இணைப்பு வழியாகத்தான் முதலில் விண்ணப்பித்தேன். மெயில் வரவில்லை. மூன்றாம் நாள் பதற்றத்தில், பழைய மெயில் ஐடியை வைத்துப் புதுக் கணக்கு திறந்து, அதே வேலைக்கு நேரடியாக விண்ணப்பித்தேன். முதல் படிவத்தில் நோட்டீஸ் பீரியட் 60 நாள் என்று எழுதியிருந்தேன். இரண்டாவதில், 30 என்று போட்டால் சீக்கிரம் கூப்பிடுவார்கள் என்று யாரோ சொன்னதைக் கேட்டு 30 என்று எழுதினேன். "இதற்கு முன் இங்கே விண்ணப்பித்திருக்கிறீர்களா?" என்ற கேள்விக்கு யோசிக்காமல் "இல்லை" என்று டிக் செய்தேன்.

முதல் விண்ணப்பம் உண்மையில் போய்ச் சேர்ந்திருந்தது. எழுத்துத் தேர்வுக்கான இணைப்பும் முதல் முகவரிக்கே வந்தது, அதை எழுதி முடித்தேன். நேர்காணலில் ரெக்ரூட்டர் இரண்டு படிவங்களையும் அருகருகே வைத்து, "60 நாளா, 30 நாளா? முன்பு விண்ணப்பிக்கவில்லை என்றும் எழுதியிருக்கிறீர்களே?" என்று கேட்டார். நடந்ததைச் சொன்னேன், ஆனால் அதற்குள் என் மேல் சந்தேகம் விழுந்துவிட்டது. வேலை கிடைக்கவில்லை.

இப்போது அந்த மேசையின் மறுபக்கம் இருப்பதால் இது எப்படித் தெரிகிறது என்று சொல்ல முடியும். இந்த மென்பொருள்கள் பெரும்பாலும் மெயில் முகவரியை வைத்துத்தான் ஆளை அடையாளம் காண்கின்றன. முகவரி மாறினால் நீங்கள் இரண்டு ஆள். பெயரும் போன் எண்ணும் ஒன்றாக இருப்பதால் இரட்டைப் பதிவாக இருக்கலாம் என்று ஓர் எச்சரிக்கை வரும். இரண்டையும் இணைக்கும் அதிகாரம் எல்லா ரெக்ரூட்டருக்கும் கிடையாது. வேறு குழுவுக்கு எழுதிக் காத்திருக்க வேண்டும். வரிசையில் அடுத்து நாற்பது பேர் இருக்கும்போது, கை தானாக அடுத்த பெயருக்குப் போய்விடுகிறது. ரெஃபரலும் முதல் பதிவோடுதான் ஒட்டியிருக்கும். இரண்டாவது பதிவை எடுத்துப் பார்ப்பவருக்கு, உங்களைப் பரிந்துரைத்த ஆள் ஒருவர் இருப்பதே தெரியாது.

சரி, என்னதான் செய்வது? முதலில் விண்ணப்பித்த முகவரியை வைத்தே "கடவுச்சொல்லை மறந்துவிட்டேன்" என்பதை அழுத்துங்கள். கடவுச்சொல் நினைவில் இருந்தாலும் பரவாயில்லை, இது ஒரு சோதனை. மாற்றுவதற்கான மெயில் வந்தால், கணக்கு இருக்கிறது, முகவரியும் சரி. உள்ளே போய் நிலையைப் பார்க்கலாம், வரைவாக இருந்தால் அங்கேயே முடித்து அனுப்பலாம். மெயில் ஸ்பேமிலும் வரவில்லை என்றால், பதிவு செய்தபோது முகவரியில் எழுத்து பிசகியிருக்க வாய்ப்பு அதிகம். திரையில் "மெயில் அனுப்பப்பட்டது" என்று வருவதை நம்ப வேண்டாம். கணக்கே இல்லாத முகவரிக்கும் பல போர்ட்டல்கள் அதையே காட்டும்.

என் சித்தி மகனுக்கு நடந்தது இதுதான். gmail.com என்பதற்குப் பதில் gmial.com என்று அடித்திருந்தான். அந்தக் கணக்குக்குள் இனி அவனால் போக முடியாது. இப்படி ஆகும்போது மட்டும் புதுக் கணக்கு தவிர்க்க முடியாதது. ஆனால் பதில்கள் முதல் படிவத்தில் எழுதியபடியே இருக்க வேண்டும், முன்பு விண்ணப்பித்ததை மறைக்கக் கூடாது, தவறான முகவரியில் ஒரு பதிவு இருப்பதை ரெக்ரூட்டருக்கு எழுதிச் சொல்லிவிட வேண்டும். மூன்றையும் செய்தான்.

noreply என்று தொடங்கும் முகவரிக்குப் பதில் எழுதுவது

யாரும் படிப்பதில்லை.

"என் விண்ணப்பம் என்ன ஆயிற்று?" என்று மட்டும் கேட்பது

ஒரே பதவிப் பெயரில் மூன்று ஊர்களுக்கு ஆள் எடுத்துக்கொண்டிருப்போம். எந்த வேலை என்று தெரியாவிட்டால் தேடவே முடியாது. வேலை அறிவிப்பில் பதவிப் பெயருக்கு அருகில் ஓர் எண் இருக்கும், அதை மெயிலின் தலைப்பிலேயே போடுங்கள்:

```
Application status: R-10482, Accounts Executive
```

உள்ளே நான்கு வரி போதும். எந்தத் தேதியில் விண்ணப்பித்தீர்கள், எந்த முகவரியில் பதிவு செய்தீர்கள், போர்ட்டலில் இப்போது என்ன நிலை காட்டுகிறது, விண்ணப்பம் வந்து சேர்ந்ததா என்ற ஒரே கேள்வி. ரெஸ்யூமையும் இணைத்துவிடுங்கள். அதைப் போர்ட்டலில் ஏற்றச் சொல்லிப் பதில் வந்தால் கோபப்படாதீர்கள். போர்ட்டலில் பதிவு இல்லாத ஆளை நேர்காணலுக்கு அழைக்க எங்களுக்கும் பல இடங்களில் வழியில்லை.

அறிவிப்பில் கடைசித் தேதி இருந்தால் அதற்கு முன்பே எழுதுங்கள், பிறகு போர்ட்டல் மூடிவிடும். தேதி இல்லையென்றால், போர்ட்டலில் சமர்ப்பித்ததாகக் காட்டும் பட்சத்தில் ஒரு வாரம் விட்டு எழுதலாம். வரைவாகக் காட்டினால் ஒரு நாள்கூடக் காத்திருக்க வேண்டாம். போதுமான ஆட்கள் கிடைத்ததும் புதிதாக வருபவற்றைத் திறக்காமலே விட்டுவிடுவது நடக்கிறது.

கல்லூரி முகவரி, அலுவலக முகவரி

இரண்டும் வேண்டாம். ஒன்று படிப்பு முடிந்ததும் மூடப்படலாம், மற்றதை உங்கள் இப்போதைய முதலாளி பார்க்க முடியும்.

"உங்க அப்ளிகேஷன் நின்னிருக்கு, கட்டணம் கட்டினா நகரும்" என்று வரும் போன்

வைத்துவிடுங்கள்.