பணம் போடும் இயந்திரம் விழுங்கிய பணத்தைக் கேட்டுப் பெறும் வழி

பிரிக்பீல்ட்ஸில் ஒருவர் 50 ரிங்கிட் நோட்டுகள் 40-ஐ இயந்திரத்தில் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். திரை உறைகிறது, ரசீது வருகிறது, கணக்கில் 2,000 ரிங்கிட் ஏறவில்லை.

முதலில் ரசீதிலுள்ள கணக்கு எண்ணைச் சரிபாருங்கள். எண் தவறியிருந்தால் பணம் வேறொருவர் கணக்குக்குப் போயிருக்கும். அது வேறு வகைப் புகார். எண் சரியென்றால் ரசீதை உடனே படமெடுங்கள். வெப்பத்தாளில் அச்சான எழுத்து நாளடைவில் மங்கிவிடும். ரசீதே வரவில்லையா? இயந்திரத்தின் எண்ணையும் நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.

அன்றே வங்கியின் வாடிக்கையாளர் எண்ணை அழைத்துப் புகார் எண் வாங்குங்கள். வங்கி இயந்திரத்திலுள்ள பணத்தை எண்ணி, அதன் உள்பதிவோடு ஒப்பிடும். உங்கள் 2,000 அங்கே உபரியாகத் தெரிய வேண்டும். பலர் அங்குள்ள கண்காணிப்புக் கேமராவையே பெரிதாக நம்புகிறார்கள். நீங்கள் அந்த நேரத்தில் அங்கே நின்றதை அது காட்டும். எத்தனை நோட்டு என்பதைப் பெரும்பாலும் காட்டாது. ஆனாலும் ரசீது இல்லாதவருக்கு அது பெரிய துணை. பழைய பதிவின்மேல் புதியது ஏறி அழிந்துவிடும் என்பதால், தேதி, நேரத்தைக் குறிப்பிட்டு, பதிவைப் பாதுகாக்கும்படி மின்னஞ்சலில் கேளுங்கள். பதிவை உங்கள் கையில் தரமாட்டார்கள். வங்கியே பார்த்தால் போதும்.

வங்கி மறுத்தால், எழுத்துவழிப் பதிலை வாங்கிக்கொண்டு, வங்கிகள் மீதான புகார்களை விசாரிக்கும் மலேசியாவின் நிதிச் சந்தைகள் குறைதீர்ப்புச் சேவைக்கு எழுதலாம். அங்கு புகார்தாரருக்குக் கட்டணமில்லை. ஆனால் வங்கியிடம் முதலில் முறையிட்டிருக்க வேண்டும்.