சொந்தத்தில் மணந்தவர்கள் குழந்தைக்குத் திட்டமிடும்போது செய்யும் தவறுகள்

மரபணு ஆலோசனை கிளினிக்கில் புதிதாகச் சேருகிறவர்கள் தம்பதிகளிடம் பேசும்போது நான் ஓரமாக உட்கார்ந்து கேட்பேன். அக்கா மகளைக் கட்டியவர், மாமன் மகனைக் கட்டியவர் என்று ஒவ்வொரு ஜோடியாக வருவார்கள். நாங்கள் ஆரம்ப காலத்தில் சொதப்பியதெல்லாம் அப்படியே அடுத்த தலைமுறைக்கும் வந்திருக்கிறது. ஃபோலிக் மாத்திரை, சர்க்கரை, தைராய்டு எல்லாம் எல்லாருக்கும் தெரிந்தது, அதை விட்டுவிடுகிறேன். சொந்தத்தில் மணந்தவர்களுக்கென்றே உள்ள சில தவறுகளை மட்டும் எழுதுகிறேன்.

எல்லாருக்கும் ஒரே எண்ணைச் சொல்வது

ஒவ்வொரு மரபணுவும் நம்மிடம் இரண்டு பிரதி இருக்கிறது. ஒன்று பழுதானாலும் மற்றொன்று வேலையைப் பார்த்துக்கொள்ளும்; அப்படி ஒரு பழுதோடு நலமாக இருப்பவர்தான் கேரியர். அத்தை மகனும் மாமன் மகளும் மரபணுக்களில் எட்டில் ஒரு பங்கைப் பகிர்ந்துகொள்கிறார்கள், தாய்மாமனும் அக்கா மகளும் நான்கில் ஒரு பங்கை. அதனால் இருவரிடமும் ஒரே பழுது இருக்க வாய்ப்பு கூடுகிறது; குழந்தைக்கு இரண்டு பிரதியுமே பழுதாக வந்து சேர்ந்தால் நோய் வரும்.

எந்தத் தம்பதிக்கும் பிறவிக் குறையுள்ள குழந்தை பிறக்க நூற்றுக்கு இரண்டு மூன்று வாய்ப்பு உண்டு. அத்தை மகன், மாமன் மகள் ஜோடிக்கு அதோடு இன்னும் இரண்டு மூன்று சேரும். அதாவது பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கும். ஆனால் இருவரும் ஒரே நோயின் கேரியர் என்று உறுதியானால் கணக்கே வேறு: ஒவ்வொரு கர்ப்பத்திலும் நான்கில் ஒன்று. முதல் ஜோடியிடம் நான்கில் ஒன்று என்று சொல்லி அழவைப்பதும், ஏற்கெனவே ஒரு குழந்தையை இழந்தவர்களிடம் நூற்றுக்கு ஐந்துதான் என்று சொல்லி அனுப்புவதும் வாரம் தவறாமல் நடக்கிறது.

குரோமோசோம் ரிப்போர்ட்டை நம்புவது

"எல்லா டெஸ்டும் எடுத்தாச்சு மேடம், நார்மல்" என்று நீட்டும் ஃபைலில் பெரும்பாலும் இருப்பது இருவரின் கேரியோடைப்பிங். குரோமோசோம்களின் எண்ணிக்கையையும் உருவத்தையும் பார்க்கிற சோதனை அது. தொடர்ந்து கரு கலைபவர்களுக்கு அது தேவை. ஒரு மரபணுவுக்குள் ஓர் எழுத்து மாறியிருந்தால் அதில் தெரியவே தெரியாது, சொந்தத்தில் மணந்தவர்களுக்கு நாம் தேடுவதோ அந்த ஓர் எழுத்தைத்தான். தேவைப்படுவது கேரியர் ஸ்கிரீனிங்: தலசீமியா என்ற ரத்த நோய்க்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்து அளக்கும் ஹெச்.பி.எல்.சி., மற்ற நோய்களுக்கு மரபணுக்களின் எழுத்துகளை மொத்தமாகப் படிக்கும் எக்ஸோம் சோதனை, இருவருக்கும்.

இறந்த குழந்தையிடமிருந்து எதையும் எடுத்து வைக்காதது

இத்தனை வருடத்துக்குப் பிறகும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது. இதில் குடும்பத்தைக் குறை சொல்ல மாட்டேன். அந்த நேரத்தில் அவர்களுக்கு என்ன தோன்றும்? வார்டில் நிற்கிற நம்மவர்கள்தான் யோசிக்க வேண்டும்.

ஒரு தாய்மாமன், அக்கா மகள் ஜோடி. முதல் பையன் நிறைமாதத்தில் நல்ல எடையோடு பிறந்தான். மூன்றாம் நாள் பால் குடிப்பதை நிறுத்தினான், துவண்டான், மூச்சு வேகமாக வாங்கியது. கிருமித் தொற்று என்று சேர்த்தார்கள். பாலை நிறுத்தி குளுக்கோஸ் ஏற்றியதும் இரண்டு நாளில் தேறிவிட்டான். ஆன்டிபயாடிக் வேலை செய்துவிட்டது என்று வீட்டுக்கு அனுப்பினார்கள். இரண்டாம் மாதத்தில் சளி பிடித்து, மறுபடியும் அதே துவளல், அதே மூச்சு. இந்த முறை தேறவில்லை.

அந்த டிஸ்சார்ஜ் சம்மரியை நிதானமாகப் படித்தால் எல்லாம் அதிலேயே இருந்தது. கல்ச்சரில் கிருமி வளரவில்லை. ரத்தத்தில் அமிலம் ஏறியிருக்கிறது, சிறுநீரில் கீட்டோன். பிறந்த குழந்தையின் சிறுநீரில் கீட்டோன் அதிகமாக இருந்தாலே நிமிர்ந்து உட்கார வேண்டும். பாலை நிறுத்தியதும் தேறுகிறான், பாலுக்குத் திரும்பிய பிறகு ஒரு சளியிலேயே விழுகிறான் என்றால் பாலிலுள்ள புரதத்தை அவன் உடலால் கையாள முடியவில்லை என்று பொருள். ஆர்கானிக் அசிடீமியா என்ற வகை நோய்களின் அச்சு அசலான கதை. பையனின் ரத்தத்தில் ஒரு சொட்டு கூட யாரிடமும் இல்லை.

அடுத்த குழந்தைக்குத் திட்டமிட்டு அவர்கள் எங்களிடம் வந்தபோது, பெற்றோர் இருவரின் எக்ஸோம்தான் மிச்சமிருந்த வழி. இருவரிடமும் ஒரே மாற்றம் எங்கெங்கே இருக்கிறது என்று தேடினோம். நான்கில் ஒரு பங்கு பொதுவாக இருக்கும் ஜோடி என்பதால் ஒன்றுக்கு மேலேயே கிடைத்தது. ஒன்று காது கேளாமை தொடர்பானது. முக்கியமானதுதான், ஆனால் பையன் இறந்ததற்கும் அதற்கும் தொடர்பில்லை. இன்னொன்று, ஆர்கானிக் அசிடீமியாக்களில் ஒன்றான புரோபியானிக் அசிடீமியாவுக்கான மரபணுவில் இருந்தது. கதைக்குப் பொருந்துகிறது. ஆனால் யாரிடமும் முன்பு பதிவாகாத மாற்றம் என்பதால் ரிப்போர்ட்டில் "பொருள் உறுதியாகாத மாற்றம்" என்று எழுதியிருந்தார்கள். இப்படி எழுதப்பட்ட ஒன்றை வைத்துக் கருவைச் சோதிக்க நல்ல ஆய்வகம் ஒப்புக்கொள்ளாது, ஒப்புக்கொள்ளவும் கூடாது. அந்த மாற்றம் தீங்கற்றதாக இருந்தால், நலமான கருவைக் கலைத்துவிட்டு, உண்மையான நோயுள்ள கருவை நலம் என்று சொல்லிவிடுவோம்.

பையனின் டி.என்.ஏ. மட்டும் இருந்திருந்தால் இரண்டு பிரதியிலும் அந்த மாற்றம் இருக்கிறதா என்று பார்த்துச் சொல்லியிருக்கலாம். பிறந்ததும் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தம் எடுத்தார்களா என்று கேட்டேன். இல்லை. பயாப்ஸி ஏதாவது? இல்லை. அப்போது பெண்ணின் அம்மா, அதாவது பையனின் ஆத்தாவும் அத்தையுமானவர், "தொப்புள்கொடி தாயத்துல இருக்கு, அது ஆகுமா?" என்றார். விழுந்த கொடியைக் காயவைத்து வெள்ளித் தாயத்தில் அடைத்து அரைஞாணில் கட்டியிருக்கிறார்கள். காய்ந்த கொடியில் டி.என்.ஏ. சில நேரம் கிடைக்கும், சில நேரம் சிதைந்திருக்கும். இதில் முழு எக்ஸோம் செய்யும் அளவுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் அந்த ஓரிடத்தை மட்டும் படிக்கப் போதுமானதாக இருந்தது. இரண்டு பிரதியிலும் மாற்றம் இருந்தது. நோயின் கதையும் இதுவும் சேர்ந்து, அந்த மாற்றம் நோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியது என்று ரிப்போர்ட்டில் ஒரு படி ஏறியது, கருப்பரிசோதனைக்கு ஆய்வகம் சம்மதித்தது.

தாயத்தை நம்பி வார்டு நடத்த முடியாது. செய்ய வேண்டியது மிகச் சின்ன வேலை. காரணம் தெரியாமல் மோசமாகும் எந்தக் குழந்தைக்கும், பெற்றோர் சொந்தம் என்றால் கண்டிப்பாக, இரண்டு மில்லி ரத்தம் ஊதா மூடி டியூபில், அதாவது இ.டி.டி.ஏ.யில் எடுங்கள். ஃபிரிட்ஜில் வையுங்கள், ஃப்ரீசரில் வேண்டாம். சில நாளுக்குள் டி.என்.ஏ. பிரித்துச் சேமிக்கும் ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதுவும் முடியாவிட்டால் ஃபில்டர் அட்டையில் நாலைந்து சொட்டு. வெயிலில் வைக்காமல் மூன்று நான்கு மணி நேரம் காயவிட்டு, பெயரும் தேதியும் எழுதி, காகித உறையில் போட்டால் போதும். அந்த அட்டையில் டி.என்.ஏ. மட்டுமல்ல, அமில நோய்களைக் காட்டிக்கொடுக்கும் பொருட்களையும் அளக்கலாம்.

ரத்தம் ஏற்றுவதற்கு முன்பே எடுத்துவிடுங்கள், இல்லாவிட்டால் கொடுத்தவரின் டி.என்.ஏ.யும் கலந்து வரும். கரு கலைந்தாலோ குழந்தை இறந்து பிறந்தாலோ கொடியில் ஒரு துண்டை சலைனில் போட்டு அனுப்ப வேண்டும். பழக்கதோஷத்தில் ஃபார்மலினில் போட்டுவிடுவார்கள்; அதில் ஊறினால் டி.என்.ஏ. துண்டு துண்டாகிவிடும். பெற்றோரிடம் கேட்கத் தயக்கமாக இருக்கிறது என்று இளைய டாக்டர்கள் சொல்வார்கள். "அடுத்த குழந்தைக்காக இதை வைத்துக்கொள்கிறோம்" என்று சொன்னால் மறுத்தவர்கள் குறைவு.

ரத்த குரூப் வேறு என்று நிம்மதியாக இருப்பது

சம்பந்தமே இல்லை.

நாள் தள்ளிப்போன பிறகு வருவது

எக்ஸோம் ரிப்போர்ட் வரவே ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். நஞ்சுக்கொடியிலிருந்து திசு எடுக்கும் சோதனைக்கு 11 முதல் 14 வாரம் வரை நேரம். பனிக்குட நீர் எடுப்பது 16 வாரத்துக்குப் பிறகு. பத்தாம் வாரத்தில் முதன்முறையாக வருகிறவர்களுக்கு முதல் வாய்ப்பு போய்விட்டது, இரண்டாவதும் இழுபறிதான். கருக்கலைப்புச் சட்டத்தின் 2021 திருத்தப்படி 24 வாரத்தைத் தாண்டினால் மருத்துவக் குழுவின் ஒப்புதல் வேண்டும். ஐந்தாம் மாத ஸ்கேனில் பார்த்துக்கொள்ளலாம் என்று சிலர் சொல்வார்கள். மேலே சொன்ன பையனின் ஸ்கேன் சுத்தமாக இருந்தது. இந்த நோய்களில் கருவின் உருவம் பெரும்பாலும் கெடாது.

பெண்ணை மட்டும் சோதிப்பது

இருவரும், ஒரே ஆய்வகத்தில், ஒரே நாளில்.

"நெகட்டிவ்" என்ற சொல்லோடு எழுந்து போவது

ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தில் எதையெல்லாம் பார்க்கவில்லை என்று எழுதியிருக்கும். அதை யாரும் படிப்பதில்லை. எஸ்.எம்.ஏ. என்னும் தசை நோயின் கேரியர்களைச் சாதாரண எக்ஸோம் பெரும்பாலும் தவறவிடும், ஏனென்றால் அங்கே அநேகமாக எழுத்து மாறுவதில்லை, மரபணுவின் ஒரு துண்டே காணாமல் போகிறது. அதற்கு எம்.எல்.பி.ஏ. என்ற தனிச் சோதனை கேட்க வேண்டும். ஹெச்.பி.எல்.சி.யிலும் ஒரு பொறி உண்டு: தலசீமியா கேரியரிடம் கூடியிருக்க வேண்டிய ஹீமோகுளோபின் ஏ2 அளவு, இரும்புச்சத்துக் குறைவு அதிகமாக இருந்தால் இறங்கி, அவர் நார்மல் போலத் தெரியலாம். சிவப்பணுவின் பருமனான எம்.சி.வி. குறைவாக இருந்து ஏ2 நார்மல் என்றால், உடலின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ஃபெரிட்டினையும் பாருங்கள்.

"எங்க பக்கம் யாருக்கும் இல்லை" என்பதை அப்படியே எழுதிக்கொள்வது

கேரியர் யாருக்கும் நோய் தெரியாது, அதனால் அந்த வாக்கியம் பொய்யல்ல, பயனும் இல்லை. வேறு மாதிரி கேட்க வேண்டும்: பெயர் வைக்கும் முன்பே போன குழந்தை உண்டா? "ஜன்னி வந்து போச்சு" என்று சொல்லப்படும் பெரியப்பா பையன் உண்டா? அப்புறம், தாத்தாவும் பாட்டியும் சொந்தமா? தமிழ்நாட்டில் தலைமுறை தலைமுறையாக ஒரே வீடுகளுக்குள் பெண் கொடுத்துப் பெண் எடுக்கும் குடும்பங்கள் நிறைய. அங்கே மாமன் மகள் என்று எழுதினாலும் நெருக்கம் அதைவிடக் கூடவே இருக்கும். கிளைப்படம் வரையும்போது குடும்பத்தில் வயதான ஒரு பெண்மணியைக் கூட வைத்துக்கொண்டால் பாதி வேலை முடிந்துவிடும்.

கூடப்பிறந்தவர்களுக்குச் சொல்லாமல் விடுவது

அந்த ஜோடிக்கு இப்போது ஒரு பெண் குழந்தை. பன்னிரண்டாம் வாரச் சோதனையில் ஒரு பிரதியில் மட்டுமே மாற்றம் இருந்தது; கேரியர், நலம். ஆனால் குழந்தையின் அம்மாவுடைய தம்பிக்கும் சொந்தத்திலேயே கல்யாணப் பேச்சு நடக்கிறது. அக்கா கேரியர் என்றால் தம்பியும் கேரியராக இருக்க இரண்டில் ஒன்று வாய்ப்பு. அவருக்கு முழு எக்ஸோம் எல்லாம் தேவையில்லை. அறிந்த அந்த ஓரிடத்தைப் பார்த்தால் போதும், செலவும் நாளும் குறைவு. அவரிடம் இல்லையென்றால் அந்த நோயைப் பொறுத்தவரை பேச்சு முடிந்தது, கட்டப்போகிற பெண்ணை இதற்காகச் சோதிக்க வேண்டியதில்லை. இருந்தால் மட்டும் அவளுக்கும் அதே இடம். வீட்டில் சொன்னால் கல்யாணம் நின்றுவிடும் என்று அக்கா இன்னும் வாயைத் திறக்கவில்லை. அவர் அனுமதி இல்லாமல் நான் தம்பியை அழைக்க முடியாது. அதனால் பெயரில்லாமல் ஒரு கடிதம் எழுதிக் கொடுத்திருக்கிறேன்: குடும்பத்தில் ஒரு மரபணு மாற்றம் இருக்கிறது, சோதனை எளிது, இந்த நேரத்தில் வரலாம் என்று மட்டும்.